மதிப்புரைக்குப் பதில் எழுதும் வைத்தியர்களுக்கும் சிகிச்சை நிலைய முகாமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஹட்டன்

மலையகத்தில் தனியார் சிகிச்சை நிலையங்களை நடத்திவரும் வைத்தியர்கள், உரிமையாளர்கள், முகாமையாளர்கள் ஆகியோருக்கு,

வணக்கம்.

ஹட்டன் பகுதியில் உள்ள ஒரு சிகிச்சை நிலையத்தின் நிர்வாகப் பணியில் 17 ஆண்டுகளாக இருந்துவருகிறேன். இலக்கத் துண்டு கொடுப்பதில் தொடங்கி, இப்போது முறைப்பாடுகளைக் கேட்டுப் பதில் சொல்வதுவரை வந்திருக்கிறேன். நம்முடைய நகரங்களில் உள்ள சிகிச்சை நிலையங்கள் கூகுளிலும் முகநூலிலும் தங்களைப் பற்றி எழுதப்படும் குறைகளுக்கு அளித்துவரும் பதில்களைச் சில காலமாக ஒவ்வொன்றாகப் படித்து வருகிறேன். பெரும்பாலானவை மரியாதைக் குறைவானவை அல்ல. ஆனால் அவற்றில் பல, யார் எங்களிடம் வந்தார், எதற்காக வந்தார் என்பதை ஊருக்கே சொல்லிவிடுகின்றன. எழுதியவர்களுக்கு அது தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். அதனால்தான் இம்மடல்.

ஓர் உதாரணத்தை முழுமையாக எடுத்துக்கொள்கிறேன். இது தனி ஒருவருடைய கதை அல்ல. எங்களுக்கு வந்த சில முறைப்பாடுகளிலிருந்து எடுத்து, ஊர், உறவு, நோய், தொகை எல்லாவற்றையும் மாற்றிப் பிணைத்தது. நோயாளரின் அந்தரங்கத்தைப் பற்றிய கடிதமே அதைக் கசியவிட்டால் நன்றாக இருக்காது. என் பெயரையும் நிலையத்தின் பெயரையும் எழுதாததற்கும் அதுவே காரணம்.

கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், தம் சொந்தப் பெயரிலும் படத்துடனும் ஒற்றை நட்சத்திரம் இட்டு இப்படி எழுதுகிறார்: "தங்கச்சி அம்மாவைச் சனிக்கிழமை பின்னேரம் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று மணித்தியாலம் உட்கார வைத்தார்கள். டொக்டர் இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. பில் 4,650 ரூபாய். தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுக்கிற அதே மாத்திரைதான். காசு பிடுங்கும் இடம்."

அன்றிரவு பத்து மணிக்கு, கடைசி நோயாளர் போன பிறகு, வைத்தியர் கைத்தொலைபேசியில் ஒரு பதிலைத் தட்டெழுதுகிறார்: "தம்பி, உங்கள் அம்மா மூன்று மாதமாக மருந்தை நிறுத்திவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். அன்று அவருக்குச் சீனி 340. டொக்டர் அவருடன் இருபது நிமிடம் தனியாகப் பேசினார். விபரம் தெரியாமல் எழுத வேண்டாம்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உழைத்துக் களைத்த மனிதர், தம்மைப் பற்றி ஊரார் படிக்கும் இடத்தில் அநியாயமாக எழுதப்பட்டதைக் கண்டு மனம் நொந்து எழுதியது. ஆனாலும் இந்தப் பதில் வெளியே போகக் கூடாது.

முதல் வாக்கியமே அந்தத் தாய் எங்களிடம் வந்தார் என்பதை உறுதிப்படுத்துகிறது. நோய் என்ன என்று சொல்லாமல் விட்டாலும், இன்ன ஆள் இன்ன சிகிச்சை நிலையத்துக்குப் போனார் என்பதே மருத்துவ இரகசியத்தில் சேர்ந்ததுதான். தோல் வைத்தியர், மனநல வைத்தியர், மகப்பேற்று வைத்தியர் வந்து பார்க்கும் ஒரு நிலையத்தை நினைத்துக்கொண்டால் இது உடனே விளங்கும். அடுத்து, அவருக்குச் சீனி வருத்தம் என்பதும் மருந்தை நிறுத்தியிருந்தார் என்பதும் வெளியே போகின்றன. மருந்து நின்றது அந்த மகனுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். அவர் மாதாமாதம் மருந்துக்கென்று அனுப்பிய காசு வீட்டில் வேறு ஏதாவது அவசரத்துக்குப் போயிருக்கலாம். அதை வைத்தியரிடம் சொல்ல அந்தத் தாய்க்குத் துணிவு வந்தது, அறைக் கதவு மூடியிருந்ததால். ஆகவே, மேலோட்டமாகப் பார்த்தால் தீங்கற்றதாகத் தோன்றும் "தனியாகப் பேசினார்" என்ற இரண்டு சொற்களையே இந்தப் பதிலின் மிக மோசமான பகுதியாக நான் கருதுகிறேன். "டொக்டரிடம் தனியாக என்ன பேசினாய்?" என்ற கேள்வி அன்றிரவே அந்த வீட்டில் கேட்கப்படும்.

இதை வைத்தியர்களிடம் சொன்னால் வரும் முதல் மறுமொழி, "நாங்கள் அந்த அம்மாவின் பெயரைப் போடவில்லையே" என்பது. பெருநகரமொன்றில் அது ஓரளவு எடுபடலாம். இங்கே மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று சொன்னாலே பாதி ஆட்கள் கழிந்துவிடுவார்கள். எந்த லயம் என்று சொன்னால் மீதிப் பேரும் கழிந்து ஒரு குடும்பம் மிஞ்சும். மகனின் பெயரும் படமும் ஏற்கெனவே மேலே இருக்கின்றன. மறுநாள் காலை பிரட்டுக்களத்தில் ஒருவருடைய தொலைபேசித் திரையைப் பத்துப் பேர் எட்டிப் பார்க்கும்போது, பெயர் போடாததால் மறைந்தது எதுவுமில்லை.

இரண்டாவது மறுமொழி இன்னும் வலுவானது: "அவர்களே எழுதிவிட்டார்களே, பிறகென்ன இரகசியம்?" இதற்கு இரண்டு விடைகள் உண்டு. எழுதியவர் மகன், உடல் தாயுடையது. தாயின் இரகசியத்தை வெளியிட மகனுக்கு உரிமை இல்லை என்றால், மகன் வெளியிட்டதைக் காரணம் காட்டி நமக்கும் உரிமை வந்துவிடாது. அந்தத் தாயே தம் கையால் எழுதியிருந்தாலும்கூட, அவர் சொல்வது அவருடைய பேச்சு. நாம் அதை ஆமோதித்தாலும் மறுத்தாலும், அது பதிவேட்டைப் பார்த்துவிட்டு வைத்தியர் சொன்ன சொல்லாகிவிடுகிறது. அவர் நாளைக்கு மனம் மாறித் தம் பதிவை நீக்கிவிடலாம். நம்முடைய பதிலை யாராவது படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அதை ஒருவராலும் திரும்ப எடுக்க முடியாது.

சட்டத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவருடைய உடல்நலம் பற்றிய தரவைச் சாதாரணத் தரவாகக் கொள்ளாமல் விசேட வகையில் வைத்திருக்கிறது. நோயாளரின் இரகசியத்தைக் காக்கும் கடமை வைத்தியருக்கு அந்தச் சட்டத்துக்கு மிக முன்பிருந்தே உள்ளதுதான். வைத்தியரின் கடமை அவருடைய நிலையத்தின் பெயரில் பதில் எழுதும் என்னைப் போன்ற எழுதுவினைஞரையும் பிடிக்கும். தனியார் சிகிச்சை நிலையங்களை 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தும் சபையிடம் நோயாளர் ஒருவர் முறைப்பாடு செய்தால், காத்திருப்பு நேரத்தைப் பற்றிய சாதாரணக் குறை, இரகசியத்தை வெளியிட்ட பெரிய குறையாக மாறிப்போயிருக்கும். அமெரிக்கச் சட்டம் இங்கே செல்லாது. ஆனாலும் அங்கே நடந்ததை அறிந்திருப்பது நல்லது. டெக்சஸ் மாநிலத்தின் டலஸ் நகரில் உள்ள ஒரு பல் மருத்துவ நிலையம், குறை எழுதிய நோயாளரின் குடும்பப் பெயரையும் உடல்நிலை விபரத்தையும் பதிலில் எழுதியதற்காக 2019 இல் அரசுக்கு 10,000 டொலர் செலுத்த நேர்ந்தது. 2023 இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் மனநல சிகிச்சை நிலையமொன்று இதே காரணத்துக்காக 30,000 டொலர் செலுத்தியது. இரண்டுமே கோபத்தில் எழுதிய சில வரிகளின் விலை.

அப்படியானால் பதிலே எழுதாமல் விட்டுவிடலாமா? விடலாம், தவறில்லை. ஆனால் அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் படித்துவிட்டு, நாளை தம் குழந்தையை எங்கே காட்டுவது என்று யோசிப்பவருக்கு, இந்த நிலையம் குறையைக் காது கொடுத்துக் கேட்கிறதா என்பது தெரிய வேண்டும். எங்கள் பதில் உண்மையில் அவருக்காகத்தான். பல திருத்தங்களுக்குப் பிறகு வெளியிட்ட பதில் இது:

"வணக்கம். நீங்கள் எழுதியிருப்பதை முழுமையாகப் படித்தோம். ஒருவர் எங்களிடம் சிகிச்சைக்கு வந்தாரா இல்லையா என்பதைக்கூட நாங்கள் பொதுவெளியில் சொல்வதில்லை. இது எல்லோருக்கும் பொதுவான நடைமுறை என்பதால், நீங்கள் குறிப்பிடும் நாளைப் பற்றி இங்கே எதுவும் எழுத இயலாமல் இருக்கிறோம். சனிக்கிழமை மாலைகளில் காத்திருக்கும் நேரம் நீண்டுவிடுவது உண்மை. இலக்க வரிசைப்படி அழைத்தாலும், அவசர நிலையில் வருபவர்களை முன்னே அனுப்புகிறோம். கட்டணத்தைப் பிரித்துக் காட்டும் பற்றுச்சீட்டை எவரும் கேட்டுப் பெறலாம். உங்கள் முறைப்பாட்டைக் கேட்டு ஆராய விரும்புகிறோம். காலை 9 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து முகாமையாளரைக் கேளுங்கள், நேரிலும் வரலாம்."

இதன் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு கேள்வியால் சோதித்தோம்: இந்த வாக்கியத்தை, அந்த மதிப்புரை வருவதற்கு முதல் நாளே எங்கள் வாசலில் உள்ள அறிவித்தல் பலகையில் எழுதி வைத்திருக்க முடியுமா? சனிக்கிழமை நெரிசலும், அவசர நோயாளருக்கு முன்னுரிமையும், பற்றுச்சீட்டும் பலகையில் எழுதக்கூடியவை. "அன்று இரண்டு அவசர நோயாளர் வந்ததால் தாமதமானது" என்பது எழுத முடியாதது. அது இன்னும் இரண்டு பேரையும் உள்ளே இழுத்துவிடும். அதே சனிக்கிழமை மாலை ஆட்டோவில் ஏற்றிவரப்பட்டவர் யார் என்பது நகரத்துக்கே தெரிந்திருக்கும்.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. முதலில் நாங்கள், "கட்டணத்தில் வைத்தியர் கட்டணம், இரத்தப் பரிசோதனைக் கட்டணம், மருந்தின் விலை ஆகியன அடங்கும்" என்று எழுதியிருந்தோம். அதுவும் பலகையில் இருப்பதுதான். ஆனால் மகன் தம் மதிப்புரையில் இரத்தப் பரிசோதனையைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. பலகையில் இருக்கும் இருபது விடயங்களில் இதை மட்டும் நாங்கள் தெரிந்தெடுத்துச் சொன்னால், பரிசோதனை நடந்தது என்பது படிப்பவருக்கு விளங்கிவிடும். எனவே அந்த வரியை எடுத்துவிட்டோம். பொதுவான தகவலாகவே இருந்தாலும், எழுதியவர் தொடாத இடத்தை நாமும் தொடக் கூடாது.

தமிழில் மரியாதையைப் பற்றித் தனியே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் இன்னொரு வரைவில், "அவ்வாறு ஏதேனும் நிகழ்ந்திருப்பின் வருந்துகிறோம்" என்று எழுதினோம். வந்தார் என்பதை ஒப்புக்கொள்ளாமல் வருத்தம் தெரிவிக்க இது தோதான வழியாகத் தோன்றியது. சத்தமாக வாசித்துப் பார்த்தபோது, நீ பொய் சொல்கிறாய் என்று சொல்லாமல் சொல்வதுபோல் ஒலித்தது. நம் பேச்சில் அந்த "இருப்பின்" நம்பாதவர் போடும் சொல். அதேபோல், "தாங்கள்", "தங்களது மேலான கவனத்திற்கு" என்றெல்லாம் எழுதினால் படிப்பவர் அதைக் கிண்டலாகவோ கந்தோர் அறிவித்தலாகவோ எடுத்துக்கொள்கிறார். "தம்பி" என்பதும் வேண்டாம். நேரில் அது அன்பு, பொது இடத்தில் வைத்தியர் வாயிலிருந்து வரும்போது அது வயதைக் காட்டி வாயை அடைப்பது. "வா, போ" என்று அழைக்கப்பட்டே கந்தோர் வாசல்களில் நின்று பழகிய பெற்றோரின் பிள்ளைகள்தான் இன்று மதிப்புரை எழுதுகிறார்கள். அவர்களுக்கு நேரான "நீங்கள்" போதும். அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம்.

"இயலாமல் இருக்கிறோம்" என்று எழுதியதும் யோசித்துத்தான். "இரகசியச் சட்டத்தின் காரணமாகக் கருத்துக்கூற முடியாது" என்று எழுதினால், உள்ளே ஏதோ பெரிய விடயம் இருப்பதுபோல் ஒரு குறிப்பு விழும். "உண்மை என்ன என்பது எங்களுக்குத் தெரியும், ஆனால் சொல்ல முடியாது" என்று ஒரு நிலையம் எழுதியிருந்ததை நான் படித்தேன். சொல்லாமலே முழுவதையும் சொல்லிவிட்ட வாக்கியம் அது.

பொய்யான மதிப்புரைகளைக் கையாள்வதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். யாரோ ஒருவர், போட்டியாளராகக்கூட இருக்கலாம், வந்தே இராத ஒரு நாளைப் பற்றி எழுதுகிறார். பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "உங்கள் பெயரில் எவரும் எங்களிடம் வரவில்லை" என்று பதில் எழுதுகிறோம். நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் வராதவர்களுக்கெல்லாம் "வரவில்லை" என்று எழுதும் நிலையம், ஒருவருக்கு மட்டும் அப்படி எழுதாமல் விட்டால், அவர் வந்தவர் என்று யாரும் கணித்துவிடலாம். ஆகவே பொய்யான பதிவுக்கும் உண்மையான பதிவுக்கும் முதல் மூன்று வாக்கியங்கள் ஒன்றுபோலவே இருக்க வேண்டும். பொய்யென்று நினைப்பதைக் கூகுளிடம் முறையிட்டு நீக்கக் கேட்கலாம். அவர்களுடைய விதிகளை மீறியிருந்தால் நீக்குவார்கள். வெறும் கசப்பான கருத்தை நீக்க மாட்டார்கள், அதை எதிர்பார்க்கவும் கூடாது. முறையீட்டுக்கு ஆதாரமாக நோயாளர் அட்டையின் படத்தை இணைத்து அனுப்பவும் வேண்டாம்.

பாராட்டுக்குப் பதில் எழுதும்போது கவனம் இன்னும் குறைகிறது. "நன்றி அக்கா, குழந்தைக்கு வலிப்பு திரும்ப வரவில்லை என்பது மகிழ்ச்சி, 14 ஆம் திகதி கிளினிக்குக்கு மறக்காமல் வாருங்கள்" என்ற பதிலில் அன்பு நிறைய இருக்கிறது. அந்தக் குழந்தை நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டியிருக்கிறது. "உங்கள் வார்த்தைகளுக்கு நன்றி, எங்கள் ஊழியர்களிடமும் சொல்கிறோம்" என்பதோடு நிறுத்திவிடலாம்.

இனி, பதிலைப் பார்த்துவிட்டு அந்த மகன் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கதை இங்கே முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இரகசியம் அதிகம் கசிவது இந்தத் தொலைபேசியில்தான். அழைப்பவர் மகனா என்பதே நமக்குத் தெரியாது. மகனேதான் என்றாலும், தாயின் சம்மதமில்லாமல் அவரிடம் சொல்ல நமக்கு எதுவும் இல்லை. ஆனால் கேட்பதற்கு நிறைய இருக்கிறது: எந்த நாள், எவ்வளவு நேரம், யார் எப்படிப் பேசினார்கள் என்றெல்லாம் கேட்டு, நோயாளர் கோப்பில் இல்லாமல் தனியான முறைப்பாட்டுப் புத்தகத்தில் ஓர் இலக்கமிட்டு எழுதிக்கொள்கிறோம். காத்திருப்பு, ஊழியரின் நடத்தை ஆகியவற்றை அவ்விலக்கத்தின் கீழ் விசாரித்துப் பதில் சொல்லலாம். அதற்கு எவருடைய நோயையும் பேசத் தேவையில்லை. "என் அம்மாவுக்கு என்ன, ஏன் அவ்வளவு பில்?" என்று அவர் கேட்டால், "அம்மா சம்மதித்தால் அவர் இருக்கும்போதே உங்களிடமும் பேசுகிறோம்" என்று சொல்கிறோம். அவர் கோபப்படுவார். அந்தக் கோபத்தைத் தாங்குவதும் எங்கள் வேலைதான்.

தாயைத் தொடர்புகொள்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பல லயங்களில் பதிவேட்டில் உள்ள இலக்கம் பக்கத்து வீட்டுக்காரருடையதாகவோ மருமகளுடையதாகவோ இருக்கும். அந்த இலக்கத்துக்கு அழைத்து, "உங்கள் மகன் எழுதிய விடயமாகக் கதைக்க வேண்டும்" என்று செய்தி விட்டால், எல்லாக் கவனமும் வீணாகிவிடும். தோட்டத்து டிஸ்பென்சரி மூலம் சொல்லி அனுப்புவதும் அப்படித்தான். நாங்கள் தீர்மானித்தது இது: நாமாக அழைப்பதில்லை; அவர் அடுத்த முறை வரும்போது, மகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கதவை மூடி, வீட்டில் யாரிடம் எவ்வளவு சொல்லலாம் என்று கேட்பது. அவர் சொன்னதை அவர் கோப்பில் ஒரு வரியாக எழுதி, அவர் கையொப்பத்தையோ விரல் அடையாளத்தையோ வாங்கிக்கொள்வது.

அந்தக் கேள்வியை முதல் வருகையிலேயே கேட்டிருந்தால் பாதிச் சிக்கல் வந்திராது. உங்கள் நிலையங்களின் பதிவுப் படிவத்தில், பெயர், வயது, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றுக்குக் கீழே இரண்டு வரிகளைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: "இந்தத் தொலைபேசி உங்களுடையதா, வேறு ஒருவருடையதா?" என்பது ஒன்று, "உங்கள் நோயைப் பற்றி நீங்கள் அல்லாத எவரிடமாவது நாங்கள் பேசலாமா, பேசலாமென்றால் யாரிடம்?" என்பது மற்றது. இரண்டையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுங்கள். வாசிக்கச் சிரமப்படுபவருக்கு, வரிசையில் நிற்பவர்கள் காதில் விழாதபடி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அத்துடன், நிலையத்தின் கணக்கில் எவர் பதில் எழுதலாம் என்பதை எழுத்தில் தீர்மானித்து, வைத்தியர் ஒருவரும் முகாமையாளரும் படித்த பிறகே, மறுநாள் பகலில் அதை வெளியிடுங்கள். ஏற்கெனவே எழுதிய பதில்களை இந்த வாரமே ஒருமுறை திறந்து பாருங்கள். அவற்றைத் திருத்தவும் நீக்கவும் உங்களால் முடியும்.

இப்படிக்கு,
ஹட்டன் பகுதிச் சிகிச்சை நிலையமொன்றின் நிர்வாக ஊழியர்